விலகியவர் வாங்க வந்தவரே

‘ஓடிபி பக்கத்தில் விலகுபவர் வாங்கும் எண்ணமே இல்லாதவர்’ என்கிறது இணைய விற்பனை பற்றிய ஒரு கட்டுரை. ஏற்க முடியாது. கார்டின் 16 எண்களையும் சிவிவியையும் தட்டியவர் வேடிக்கை பார்க்க வந்தவரா?

‘பணம் செலுத்து’, ‘வெற்றி’ என்ற இரண்டை மட்டும் எண்ணினால் காரணம் தெரியாது. ஓடிபி பக்கம் திறந்தது, ‘மீண்டும் அனுப்பு’ அழுத்தியது, எண்ணைச் சமர்ப்பித்தது என ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதியுங்கள், வங்கிவாரியாகப் பிரியுங்கள்.

உதாரணமாக, இரு வங்கிகளிலும் தலா நூறு பேர் ஓடிபி பக்கத்துக்கு வருகிறார்கள். ஒன்றில் 92 பேர் சமர்ப்பிக்கிறார்கள். மற்றதில் 70 பேர்தான். அங்கே விலகியவர்களில் பலர் ‘மீண்டும் அனுப்பு’ அழுத்திக் காத்திருந்தவர்கள். கடை ஒன்று, பொருளும் விலையும் ஒன்று. தாமதமானது குறுஞ்செய்தி, மனம் மாறவில்லை.

கார்டுக்கு இரண்டாம் சரிபார்ப்பு ரிசர்வ் வங்கியின் விதி; நீக்கச் சொல்லவில்லை. பழியை வாடிக்கையாளர்மேல் போடும்முன் இந்தப் படிகளை எண்ணுங்கள்.