கண் தானத்துக்கு 6 மணி நேரம்... இறுதிச்சடங்கு தள்ளிப்போகுமா?

வீட்டில் ஒரு மரணம். கண் தானம் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எடுக்கிற நேரம் தள்ளிப்போயிடுமே" என்று ஒரு குரல் கேட்கும். எந்த மதத்துக் குடும்பத்திலும் எழும் கேள்விதான் இது. பதில், மரணம் எங்கே எப்படி நிகழ்ந்தது என்பதைப் பொறுத்தது.

இரவு 10 மணிக்கு வீட்டிலேயே ஒரு பெரியவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக 6 மணி நேரத்துக்குள், அதாவது விடியற்காலை 4 மணிக்குள் கண்களை எடுக்க வேண்டும். 10.30-க்குள் கண் வங்கிக்கோ 104 எண்ணுக்கோ போன் செய்தால், குழுவினர் வீட்டுக்கே வருவார்கள். டாக்டர் கொடுத்த இறப்புச் சான்றையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்து வைத்திருப்பது நல்லது. நெருங்கிய உறவினர் கையெழுத்திட வேண்டும். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். கண்களை எடுக்க 20 நிமிடங்கள் போதும். இமைகளை மூடிவிடுவதால் முகத்தில் மாற்றம் தெரியாது.

அவர்கள் வரும்வரை ஃபேனை நிறுத்திவிடுங்கள். காற்றில் கருவிழி உலர்ந்துவிடும். ஏசி இருந்தால் போடலாம். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்தினால், பிறகு ரத்தக் கசிவும் வீக்கமும் குறையும்.

இப்போது இறுதிச்சடங்கைப் பார்ப்போம். இந்துக் குடும்பம் என்றால், இரவில் இறந்தவரை மறுநாள்தான் எடுப்பார்கள். காலையில் நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டும் முன்பே கண் தானம் முடிந்திருக்கும்.

இஸ்லாமியக் குடும்பங்களில் சீக்கிரம் அடக்கம் செய்வதே முறை. அதிகாலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாலும், கண்களை எடுத்துவிட்டு, அதன்பின் குளிப்பாட்டிக் கஃபன் உடுத்த நேரம் இருக்கிறது. மார்க்கம் அனுமதிக்கிறதா என்பதில் உலமாக்களிடையே இரு கருத்துகள் உண்டு. இறந்தவர் முன்பே சம்மதித்திருந்தாலோ, வாரிசுகள் சம்மதித்தாலோ உறுப்புகளை எடுத்துப் பொருத்தலாம் என்று 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். எனவே பள்ளிவாசல் இமாமிடம் உயிரோடு இருக்கும்போதே பேசிவைப்பது நல்லது. நள்ளிரவில் அந்தப் பேச்சைத் தொடங்கினால் 6 மணி நேரம் அதிலேயே போய்விடும்.

தவறவிடும் வாய்ப்பு அதிகம் உள்ளது, அவகாசம் நிறைய இருக்கும் வீட்டில்தான். கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில், வெளிநாட்டில் இருக்கும் மகன் வரட்டும் என்று உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்து, அடக்க ஆராதனையை நாளை மறுநாளுக்கு வைக்கிறார்கள். கண் தானத்தையும் மகன் வந்தபின் பேசலாம் என்று விட்டுவிட்டால், வாய்ப்பு அன்றிரவே முடிந்துவிடும். 6 மணி நேரக் கணக்கு மரணத்திலிருந்து தொடங்குகிறது. அடக்கத்தை வைத்து அல்ல. மகனிடம் சம்மதம் கேட்க ஒரு போன் போதும்.

எந்த வீடாக இருந்தாலும், குளிப்பாட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இமைகளை அழுத்தித் தேய்க்காமல், ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் கதை வேறு. இவற்றைப் பெரும்பாலும் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் பெறுகிறார்கள். மூளைச்சாவை உறுதிசெய்ய 4 டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். அதன்பின்தான் யாருக்கு எந்த உறுப்பு என்று முடிவாகி, அறுவை சிகிச்சை நடக்கும். உடல் கைக்கு வர ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகலாம். இங்கே இறுதிச்சடங்கு தள்ளிப்போவது உண்மைதான்.

விபத்து மரணம் என்றால் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் சேரும். முன்பு சூரியன் மறைந்தால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் மத்திய அரசு, வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்ய அனுமதித்தது. உறுப்பு தானத்துக்கு முன்னுரிமை தரவும் சொன்னது. கொலை, தற்கொலை சந்தேகம் போன்ற வழக்குகளுக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை.

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதிகாரிகள் வரும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், மருத்துவமனையின் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரிடம் "உடல் எத்தனை மணிக்குக் கிடைக்கும்?" என்று கேளுங்கள். அது தவறான கேள்வி அல்ல. அவர் சொல்லும் நேரத்தோடு சில மணி நேரம் கூட்டிக்கொண்டு, அதன்பிறகே மயானத்துக்கும் கல்லறைக்கும் கபர்ஸ்தானுக்கும் நேரம் சொல்லி அனுப்புங்கள்.