உறுதி மடல் வராத ஆணை

கணக்கின்றி விருந்தினராகப் பொருள் வாங்கியவரிடம் இணையக் கடைகள் பல, ‘ஆணை எண்ணையும் மின்னஞ்சலையும் இடுக’ என்கின்றன. ஆணை எண்ணோ வந்துசேராத மடலில்தான் இருக்கிறது.

புனேயில் மொழியியல் பயிலும் மாணவர் ஒருவர் சென்னைப் பதிப்பகமொன்றின் தளத்தில் 640 ரூபாய்க்கு அகராதி வாங்கினார் எனக் கொள்வோம். யுபிஐ வழியே பணம் போய்விட்டது. மடல் ஸ்பேமிலும் இல்லை. முகவரியை gmail.con எனப் பிழையாக இட்டிருந்தால், பின்னர் சரியான முகவரியைக் கொண்டு தேடினாலும் ஆணை அகப்படாது. கடையின் பதிவில் இருப்பது பிழையான வடிவமே.

அவரிடம் எஞ்சும் சான்று, யுபிஐ செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண். அதனோடு தொகை, நேரம், கைபேசி எண் ஆகியவற்றை அனுப்பினால், கடையினர் தம் பேமெண்ட் கேட்வே பதிவிலிருந்து ஆணையைக் கண்டெடுக்கலாம். பணம் பிடிக்கப்பட்டும் ஆணை உருவாகாத நேர்வும் உண்டு. அப்போது பணத்தையே திரும்பக் கேட்க வேண்டும். இது தெளியும்வரை மறுபடி வாங்காதிருப்பது நன்று. தேடல் பக்கத்தில் யுடிஆருக்கென ஒரு கட்டம் வைக்கக் கடைகள் ஏன் தயங்குகின்றன என்பது விளங்கவில்லை.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். (தேடுபொறி காட்டும் உதவி எண்களில் போலிகள் மலிந்துள்ளன.) புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தவறினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.