மெமோ கொடுப்பது பாவமா?

"பாவம், வாயால ரெண்டு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம். எதுக்கு மெமோ?" தொழிற்சாலைகளில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. வாயால் திட்டுவது மனிதத்தன்மை, எழுத்தில் கொடுப்பது வேலையைப் பறிக்கும் முதல் படி என்று தொழிலாளியும் நம்புகிறார், சூப்பர்வைசரும் நம்புகிறார். கோவைப் பக்கத்து மெஷின் ஷாப் ஒன்றில் பர்சனல் டிபார்ட்மென்டில் பல காலம் இருந்தவன் நான். இந்த நம்பிக்கையால் வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாய்ச்சொல் எப்படிப் போகிறது தெரியுமா? பத்துப் பேர் முன்னால் ஒரு சத்தம். பதில் சொல்ல இடமில்லை. எத்தனை நாள் தாமதம் என்று யாருக்கும் கணக்கு இல்லை. எட்டு மாதம் இப்படி ஓடிய பிறகு ஒரு காலையில், "நாளையிலிருந்து வர வேண்டாம்." கேட்டால், "எத்தனை தடவை சொல்லியாச்சு!" எத்தனை தடவை என்பது மட்டும் எங்கேயும் இருக்காது.

1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தையொட்டி வந்த மாதிரி நிலையாணைகள், தாமதமாக வருவதையே குற்றம் என்று சொல்லவில்லை. "வழக்கமாக" தாமதமாக வருவதைத்தான் ஒழுங்கீனம் என்றன. அந்த ஒரு சொல்லை நிரூபிக்கத் தேதி வேண்டும். தேதிக்கு ஏடு வேண்டும்.

எங்கள் லேத் ஆபரேட்டர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஷிப்ட் 7 மணி, 7:10 வரை சலுகை. ஒரு மார்ச் மாதத்தில் பஞ்ச் மெஷின் அவருக்கு 9 நாள் தாமதம் காட்டியது. சூப்பர்வைசர் எழுதி வந்த வரைவில் ஒரு தேதிகூட இல்லை. "தாங்கள் தொடர்ந்து பொறுப்பின்றி நடந்துகொள்வதால்" என்று தொடங்கியிருந்தது. பொறுப்பின்மை என்பது அவருடைய கோபம், சாட்சியம் அல்ல. அதைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு கேட் ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். இரண்டு நாள் கம்பெனி பஸ்ஸே தாமதம். ஒரு நாள் அவர் முன்கூட்டியே பர்மிஷன் வாங்கியிருந்தார். மூன்றையும் அடித்தால் மீதி ஆறு: 4-ஆம் தேதி 7:22, 7-ஆம் தேதி 7:31, 12-இல் 7:18, 18-இல் 7:40, 21-இல் 7:25, 27-இல் 7:35. ஷிப்ட் தொடங்கியதிலிருந்து எண்ணினால் மொத்தம் 171 நிமிடம். அதே மாதம் அதே ஷாப்பில் வேறு யார் இப்படி வந்தார்கள் என்றும் பார்த்தோம். இன்னொருவர் இருந்தார், சூப்பர்வைசருக்கு வேண்டியவர். அவருக்கும் காகிதம் போனது.

முதலில் போனது எச்சரிக்கை அல்ல, விளக்கம் கேட்கும் கடிதம். மூன்று நாள் அவகாசம். அவர் தன் கையெழுத்திலேயே பதில் எழுதினார்: மனைவிக்கு மில்லில் இரவு ஷிப்ட் மாறிவிட்டது, அவர் வீடு திரும்பக் காலை 6:45 ஆகிறது, அதுவரை குழந்தையை விட்டுக் கிளம்ப முடியவில்லை. எட்டு மாதம் திட்டியிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

எச்சரிக்கைக் கடிதம் பிறகுதான் எழுதினோம், தமிழில். ஆறு தேதிகள், நேரங்கள். அவர் விளக்கம் ஏற்கப்பட்டது, ஏப்ரல் முதல் மூன்று மாதம் 8:30 ஜெனரல் ஷிப்ட். முன்கூட்டிச் சொல்லாதது அவர் தவறு. இந்த மூன்று மாதத்தில் சொல்லாமல் இரண்டு முறைக்கு மேல் தாமதமானால் நிலையாணைப்படி அடுத்த நடவடிக்கை. ஓராண்டு சரியாக வந்தால் இந்தக் கடிதம் கணக்கில் வராது. கீழே "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து. பெற்றதற்குத்தான் அந்தக் கையெழுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அல்ல. இதை அவருக்கு வாய்விட்டே விளக்கினேன். ஒரு நகல் அவரிடம்.

மெமோ என்றால் பயம் ஏன் என்று எனக்குத் தெரியாமலில்லை. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்பும் முதலாளிகள் இருக்கிறார்கள். முன்தேதியிட்டு மூன்று மெமோவை ஒரே நாளில் தயாரிப்பவர்களும் உண்டு. அது மோசடி. ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பதும் தேதிதான். வாய்ச்சொல்லில் செய்யும் மோசடிக்குத் தடயமே கிடையாது.

ஆறு மாதம் கழித்துப் புது மேலாளர் வந்தார். ஆள் குறைக்க வேண்டுமாம். "அந்த லேத்காரன் எப்பவும் லேட்டாமே" என்றார். கோப்பைத் திறந்து வைத்தேன். கடிதத்துக்குப் பின் ஒரு தாமதம்கூட இல்லை. மேலாளர் அடுத்த பெயருக்குப் போனார்.

உங்கள் கைக்கு மெமோ வந்தால் கிழிக்காதீர்கள், வாங்க மறுக்கவும் வேண்டாம். தேதியும் நேரமும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுத்திலேயே கேளுங்கள். காலி இடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நகலை வாங்கி வீட்டில் வையுங்கள்.