எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம், தேதியைச் சந்தேகியுங்கள்

கிள்ளானில் நண்பர் ஒருவர் பகுதிநேரமாக வேலை செய்யும் டியூஷன் மையத்தில், மாணவர் பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து எக்செலுக்கு மாற்றினார்கள். பதிவுத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45385, 45391 என எண்கள் வந்து நின்றன. தரவு கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பழைய பாரங்களைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார்கள். அது வீண் வேலை என்பதே என் கருத்து. அந்த எண்களில் தவறே இல்லை.

எக்செல் தேதியை நாள் கணக்காகவே சேமிக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். நம் மெர்டேக்கா நாளான 1957 ஆகஸ்ட் 31-இன் எண் 21063. 45385 என்றால் 2024 ஏப்ரல் 3. கட்டத்தின் வடிவம் General என்று இருந்தால் வெறும் எண்தான் தெரியும். பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, Number பகுதியில் Date-ஐத் தேர்ந்தெடுத்தால் தேதி திரும்பிவிடும்.

அப்படிச் செய்தும் மாறவில்லையா? எண் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் அது பெரும்பாலும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பத்தியில் இதை இட்டு, பிறகு தேதி வடிவம் கொடுங்கள்:

```
=A2*1
```

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி மாதத்தை முதலில் படிக்கிறது. CSV கோப்பில் 03/04/2024 என்று இருந்தால், அந்தக் கணினி அதை மார்ச் 4 என எடுத்து 45355 என்று சேமிக்கும். முப்பது நாள் பிசகு. ஆனால் பார்வைக்கு அது நல்ல தேதிதான். 25/04/2024-க்கு வந்தால், 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் அதை எழுத்தாகவே விட்டுவிடும்.

ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால், இதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்துவது போதாது. வலப்பக்கம் நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவதே பாதுகாப்பு. தேதிகளை முதலில் எழுத்தாகவே இறக்கி, Text to Columns-இன் மூன்றாம் படியில் Date: DMY என்று சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று தேதிகளைப் பாரத்தோடு ஒப்பிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கடையானாலும் பல்கலைக்கழகக் கழகமானாலும், கோப்பை அனுப்புபவரிடம் 2024-04-03 என்ற வடிவில் தேதியைக் கேளுங்கள். ஆண்டு முன்னால் நின்றால் நாளும் மாதமும் குழம்ப வழியில்லை. எண்ணாக வந்த தேதியை ஒரு நிமிடத்தில் மீட்கலாம். தவறாக மாறிய தேதியோ, யாராவது ஒரு மாணவரின் கட்டணக் கணக்கு இடிக்கும்போதுதான் வெளியே தெரியும்.