பாக்கெட் வை-ஃபையா, போனே போதுமா?

பையில் இன்னொரு கருவியைச் சேர்ப்பதற்கு முன் செல்போனுக்குள் இருக்கும் இரண்டாவது சிம்மை ஒருமுறை கவனிப்பது நல்லது.

மாதம் 20ஆம் தேதி, இரவு எட்டு மணி. ராய்ப்பூரில் ஒரு ஓட்டல் அறை. நாக்பூரைச் சேர்ந்த வரி ஆலோசகர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறார். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இணைப்பு செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து வருகிறது. எல்லாம் சரியாகவே நடக்கிறது. கடைசிப் படி மட்டும் பாக்கி: வாடிக்கையாளரின் போனுக்குப் போகும் ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கித் திரையில் இட வேண்டும்.

அவர் போன் செய்கிறார். வாடிக்கையாளர் எண்ணைப் படிக்கிறார். ஆலோசகர் அதைத் தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப்பின் மூலையில் வை-ஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, ஆனால் இணைப்பு மட்டும் இல்லை. போனை வைத்த சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மறுபடி ஓடிபி, மறுபடி போன், மறுபடி அதே கதை. ஓட்டல் இருக்கும் பகுதியில் டவர் சரியில்லை என்று முடிவு கட்டுகிறார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு பாக்கெட் வை-ஃபை வாங்கிவிடுவது என்றும்.

அடிக்கடி பயணம் செய்யும் பலர் இந்தக் கருவியை வாங்குவது இப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகுதான். ஆனால் அன்று கோளாறு டவரில் இல்லை.

அவருடைய போனில் இரண்டு சிம்கள். டேட்டா ஒரு கம்பெனியுடையது. வாடிக்கையாளர்கள் அறிந்த பழைய எண் இன்னொரு கம்பெனியுடையது. நம் சந்தையில் விற்கும் இரட்டை சிம் போன்களில் பெரும்பாலானவை இரண்டு சிம்களையும் காத்திருப்பில் வைத்திருக்குமே தவிர, ஒரே நேரத்தில் இரண்டையும் வேலை வாங்காது. இரண்டாவது சிம்மில் பேச்சு தொடங்கியதும் முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும். போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையே உள்ள வை-ஃபை அப்படியே இருப்பதால்தான் கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. வெளியுலகத்துக்கான பாதைதான் அடைபட்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து `ipconfig` என்று தட்டினால், `Default Gateway` என்ற வரியில் ஒரு எண் வரும். அதுதான் போனின் முகவரி. `ping` என்று தட்டி, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைக் கொடுத்தால், போன் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்று தெரியும். அடுத்து `ping 8.8.8.8` என்று கொடுத்தால் வெளியுலகத்தின் பதில். போன் சில மில்லி செகண்டில் பதில் சொல்லி, வெளியில் இருந்து மட்டும் `Request timed out` என்று வந்தால், போனும் லேப்டாப்பும் நன்றாகத்தான் பேசிக்கொள்கின்றன. குறை மொபைல் நெட்வொர்க் பக்கம். போனின் பதிலே தடுமாறினால், குறை அறைக்குள்ளேயே இருக்கிறது. பேச்சு நடக்கும்போது ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் இதைச் செய்து பார்த்திருந்தால் ஆலோசகருக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

தீர்வுக்குச் செலவு இல்லை. ஒன்று, பேசுகிற சிம்மையே அன்றைக்கு டேட்டாவுக்கும் வைத்துக்கொள்வது. 4ஜியில் வோல்டி மூலம் போகும் பேச்சு அதே சிம்மின் டேட்டாவை நிறுத்தாது. சிக்னல் குறைந்து பேச்சு 2ஜிக்கு இறங்கிவிட்டால்தான் தொல்லை. இன்னொன்று, பேச்சின்போது டேட்டாவைத் தற்காலிகமாக அடுத்த சிம்முக்கு மாற்றும் வசதியை இயக்குவது. சாம்சங் போன்களில் இது `Auto data switching`, ஐபோனில் `Allow Mobile Data Switching`. இரண்டாவது சிம்மிலும் டேட்டா இருந்தால்தான் இது பலிக்கும். ஹாட்ஸ்பாட் ஓடும்போது சில போன்கள் இதற்கு ஒத்துழைப்பதில்லை என்பதால், வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

அப்படியானால் பாக்கெட் வை-ஃபைக்கு வேலையே இல்லையா? உண்டு. ஆனால் அது கடைக்காரர் சொல்லும் வேலை அல்ல.

கடையில் முதலில் சொல்லப்படுவது வேகம். உண்மையில் வேகத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் போன்தான். டாங்கிள் என்ற பழைய பெயராலேயே இன்னும் பலர் கேட்டு வாங்கும் இந்தச் சிறு பெட்டிகளில் பெரும்பாலானவை 4ஜியின் கேட்டகிரி 4 வகையைச் சேர்ந்தவை. காகிதத்தில் அவற்றின் உச்ச வேகம் விநாடிக்கு 150 மெகாபிட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அலைவரிசைப் பட்டையில்தான் அவை இயங்கும். சுமாரான விலையுள்ள செல்போன்கூட இரண்டு பட்டைகளைச் சேர்த்து வேலை வாங்குகிறது, 5ஜி இருக்கும் ஊரில் அதற்கும் தாவுகிறது. சாயங்காலம் ஊரே டேட்டாவை இழுக்கிற நேரத்தில், ஒற்றைப் பட்டையில் நிற்கும் பெட்டிதான் முதலில் திணறும்.

ரயிலிலும் இதே கதைதான். நாக்பூரில் இருந்து ராய்ப்பூர் வரும் வழியில் காட்டுப் பகுதியில் சிக்னல் அறுந்தால், ஒரே கம்பெனி சிம் போட்ட பெட்டிக்கும் போனுக்கும் ஒரே கதி. இரண்டும் தேடுவது அதே டவரை. ஆகவே பெட்டி வாங்குகிறவர் அதில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டால்தான் அர்த்தம் உண்டு. போனில் ஏற்கெனவே இரண்டு கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு அந்த அர்த்தமும் பாதி போய்விடுகிறது. டேட்டா சிம்மை மாற்றுவது அரை நிமிட வேலை. ஜம்மு காஷ்மீர் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிற மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. அதைப் பெட்டியில் போட்டாலும் அதே நிலைதான்.

பெட்டி உண்மையில் உதவுவது மூன்று இடங்களில். முதலாவது, போன் அறையை விட்டு வெளியே போகும்போது. ராய்ப்பூர் தொழிற்சாலை ஒன்றில் அதே ஆலோசகர் இரண்டு உதவியாளர்களோடு கணக்குப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போனை எடுத்துக்கொண்டு கிடங்கைப் பார்க்கப் போனால், இரண்டு லேப்டாப்புகளும் நின்றுவிடும். மேஜையில் ஒரு பெட்டி இருந்தால் வேலை தொடரும். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் சோர்ந்தால், பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே உட்காரலாம்.

இரண்டாவது, நாள் முழுக்கப் பேச்சும் நெட்டும் ஒன்றாகத் தேவைப்படும்போது. பெட்டிக்குப் போன் வருவதில்லை, அதனால் அதன் டேட்டா நடுவில் நிற்பதும் இல்லை.

மூன்றாவது, சூடு. ஹாட்ஸ்பாட் ஓடும் போன் இரண்டு ரேடியோக்களை ஒரே நேரத்தில் இயக்குகிறது. சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் மே மாதத்து விதர்பாவில் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். சூடு ஏறியதும் போன் தானாகவே சார்ஜ் ஆவதைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கில் மாட்டியும் பேட்டரி இறங்குகிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான். இதற்கும் பாதி மருந்து யுஎஸ்பி கேபிளிடமே இருக்கிறது. போனை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து `USB tethering` வசதியை இயக்கினால், போன் வை-ஃபை பரப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடலாம், லேப்டாப்பில் இருந்து சார்ஜும் ஏறும். சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும் எரிச்சலும் இல்லை. ஒரே ஒரு லேப்டாப் என்றால் இதைவிட நிதானமான இணைப்பு கிடைப்பது அரிது.

பேட்டரி விஷயத்தில் பெட்டியும் பெரிய வீரன் அல்ல. அதில் இருப்பது பொதுவாக 2,000 முதல் 3,000 எம்ஏஎச். இன்றைய போன்களில் 5,000 சாதாரணம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால், மாலை தேநீர் வரும்போது பெட்டிக்கும் சார்ஜர் தேவைப்படும். எந்நேரமும் பிளக்கிலேயே விட்டுவைத்தால் பேட்டரி உப்பும். பின்மூடி சரியாகப் பொருந்தாமல் தூக்கினால் அந்தப் பேட்டரியை அன்றே மாற்றிவிட வேண்டும்.

இனி கணக்கு. 2024 ஜூலைக் கட்டண உயர்வின்போது, நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் ப்ரீபெய்டு திட்டம் பெரிய கம்பெனிகளில் 300 முதல் 350 ரூபாய்க்கு வந்தது. 28 நாள் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். 300 என்று வைத்தாலும் 3,900 ரூபாய், பெட்டியின் விலை தனி. மாதத்தில் நான்கு நாள் மட்டும் வெளியூர் போகிறவர் மீதி 24 நாளுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார். அந்த 1.5 ஜிபியும் நல்ல படத் தரத்தில் ஒன்றரை மணி நேர வீடியோ கூட்டத்திலேயே தீர்ந்துபோகக்கூடும். அதன்பின் கிடைக்கும் வேகத்தில் ஒரு மெயில் திறப்பதே பெரும்பாடு. லேப்டாப் வேறு, வை-ஃபை கண்டதும் தன் அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கிவிடும். பெட்டியோ போனோ, விண்டோஸில் அந்த இணைப்பை `Metered connection` என்று குறித்துவைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், டப்பாவில் 4ஜி பட்டைகளின் எண்களைப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக்கு 3, 5, 8, 40, 41 முக்கியம். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டியில் 5 அல்லது 8 இல்லாவிட்டால், நகரத்தில் ஓடிக் கிராமத்தில் படுத்துவிடும். சுவர்களைத் துளைத்துத் தூரம் போகிற தாழ்ந்த அலைவரிசைகள் அவைதான். அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுவதும் நல்லது.

நாக்பூர் ஆலோசகரைப் பொறுத்தவரை விடை எளிது. தனியாகப் போகும் பயணத்துக்கு ஒரு கேபிளும் சரியான சிம் அமைப்பும் போதும். உதவியாளர்களோடு தொழிற்சாலைகளில் தங்கும் மாதங்கள் வருஷத்தில் பாதிக்கு மேல் என்றால், வேறு கம்பெனி சிம்மோடு ஒரு பெட்டி வாங்கலாம். எப்படியானாலும் அடுத்த 20ஆம் தேதி இரவு ஓடிபி கேட்டுப் போன் செய்வதற்கு முன், எந்த சிம்மில் பேசுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் 50 ரூபாய் மிச்சம்.