தயவுசெய்து என்ற சொல் இல்லாமலே

ஆங்கிலச் செய்தியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் அதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரோடிக் கிடக்கிறது. சொல் ஒன்று குறைந்தாலும் மூலத்துக்குத் துரோகம் என்கிறார்கள். அது தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் மொழிபெயர்த்தவரும் இல்லை, செய்தி அனுப்பிய நிறுவனமும் இல்லை, அதைப் படிப்பவர்தான்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய்கறி லாரிகள் இரவில் வந்து இறங்கும். சில்லறைக் கடைக்காரர்கள் விடிவதற்குள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். அப்படி ஒரு விடியற்காலையில், மண்டிக்கு 4,850 ரூபாய் அனுப்பிய கடைக்காரர் ஒருவரின் கைப்பேசிக்கு அண்மையில் இப்படி ஒரு செய்தி வந்தது:

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் ரூ.4,850 கட்டணம் செல்லவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். தயவுசெய்து கவலைப்பட வேண்டாம். தொகை பற்று வைக்கப்பட்டிருந்தால், அது 3 வேலை நாட்களுக்குள் மீண்டும் வரவு வைக்கப்படும். தயவுசெய்து அடுத்த 30 நிமிடங்களுக்கு மீண்டும் முயற்சி செய்யாதீர்கள். ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்."

கடைக்காரர் அதை மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் காட்டினார். கணக்குப்பிள்ளை படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அப்ப பற்றுல எழுதிக்கவா?" வெளியே ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் பதற்றத்தில் மறுபடியும் அதே தொகையை அனுப்பினார். கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போனது. செய்தி எதைத் தடுக்க வந்ததோ, அதுவே நடந்தது.

இதன் ஆங்கில மூலம் இதமான செய்திதான். அதில் வரும் 'ப்ளீஸ்' காதில் விழாமலே கடந்துபோகும் சொல். அது இல்லாவிட்டால்தான் உறுத்தும். தமிழில் 'தயவுசெய்து' அப்படிக் கடந்துபோவதில்லை. தயவு என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டுவது. அதனால் பேச்சில் அந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது: ஒன்று, வேறு வழியில்லாமல் கெஞ்சும்போது; மற்றொன்று, பொறுமை இழந்து "தயவுசெஞ்சு கொஞ்சம் சும்மா இரு" என்று கடியும்போது. 'தயவுசெய்து கவலைப்பட வேண்டாம்' என்று படித்தவர் கவலைப்படத் தொடங்கியதில் வியப்பே இல்லை. கெஞ்சுகிறார்கள் என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அனுப்பு, அனுப்புங்கள், அனுப்பவும், அனுப்பலாம், அனுப்புங்களேன் என்ற வரிசையில் வேர் ஒன்றுதான், குரல் ஐந்து. 'அனுப்பவும்' அறிவிப்புப் பலகையின் குரல். 'அனுப்புங்கள்' எதிரில் நிற்பவரிடம் பேசும் குரல். 'அனுப்புங்களேன்' உரிமையோடு கேட்பது. இதற்குமேல் இன்னும் இதம் வேண்டும் என்றால் தமிழர் நாடும் சொல் 'கொஞ்சம்'. காந்தி மார்க்கெட்டின் குறுகலான பாதையில் தலையில் மூட்டையோடு வரும் சுமைத் தொழிலாளி, "அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்கிறார். அந்தக் 'கொஞ்சம்' அளவைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தின் ப்ளீஸ் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அவர் வாயில் 'தயவுசெய்து' வராது. அதற்காக அவரை மரியாதை தெரியாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரயில் நிலையத்திலும் இதே கோளாறுதான். திருச்சி ஜங்ஷனிலும் ஸ்ரீரங்கத்திலும் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒலிபெருக்கி சொல்கிறது. கனிவு காட்ட வேண்டியது சொல்பவர். ஆங்கிலத்தின் 'கைண்ட்' என்ற அடைமொழி அப்படியே பெயர்ந்து வந்ததால், பெட்டியும் பிள்ளையுமாக ஓடும் பயணியின் கவனம் கனிவான கவனமாகிவிட்டது. பல்லாண்டுகளாகக் கேட்டுக் கேட்டு இதுவே நல்ல தமிழ் என்று ஆகிவிட்டது, அதுதான் வருத்தம்.

மீண்டும் அந்தச் செய்திக்கு வருவோம். 'அன்புள்ள' என்று தொடங்குவது தமிழில் உறவுக்காரர் கடிதம். 'நாங்கள் கவனித்தோம்' என்பதில் கண்காணிக்கும் தொனி ஏறிவிடுகிறது. 'கட்டணம்' என்றால் பள்ளிக்கும் பேருந்துக்கும் கட்டுவது. வாங்கிய சரக்குக்குக் கொடுப்பது பணம். 'பற்று' கணக்கியல் பாடநூலில் சரியான சொல்தான். ஆனால் மண்டியில் அது கடனாக எடுத்த சரக்குக்கு எழுதும் குறிப்பு. கணக்குப்பிள்ளையின் கேள்வி அறியாமையால் வந்ததில்லை. அவர் தொழிலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் அதுவே. 'வேலை நாட்கள்' இன்னும் மோசம். ஞாயிறன்றும் கடை திறப்பவருக்கு ஞாயிறும் வேலை நாள்தான். சனிக்கிழமை போன பணம் செவ்வாய்க்குள் வந்துவிடும் என்று அவர் எண்ணுவார். வங்கிக் கணக்கில் அது புதனாகவோ வியாழனாகவோ ஆகும்.

இந்தச் சொல்லுக்குச் சொல் வழியை ஆதரிப்பவர்கள் கையில் ஒரு சோதனை இருக்கிறது. தமிழை வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்வார்கள். மூலத்தோடு பொருந்தினால் தேறிவிட்டது என்பார்கள். மேலே உள்ள செய்தி அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும். 'தயவுசெய்து' உடனே ப்ளீஸாகத் திரும்பிவிடும், 'பற்று' டெபிட்டாகத் திரும்பிவிடும். இடையில் தமிழ் வாசகர் ஒருவர் இருக்கிறார் என்பதையே அந்தச் சோதனை அறியாது. தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக வைத்தது; நெறிப்பட யாக்கப்படுவது என்று அதைக் கண்டது. அவ்வளவு பழைய தெளிவு இன்றைய அலுவலகங்களுக்கு எட்டவில்லை.

அதே செய்தியைக் குரல் அறிந்து எழுதினால் இப்படி வரும்:

"வணக்கம். நீங்கள் அனுப்பிய ரூ.4,850 போய்ச் சேரவில்லை. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால், 3 வங்கி வேலை நாட்களுக்குள் தானாகத் திரும்பி வந்துவிடும் (ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது). அரை மணி நேரத்துக்கு மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டு முறை பணம் போய்விடலாம். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

தயவுசெய்து இரண்டும் போயின, மரியாதை போகவில்லை. 'கவலைப்பட வேண்டாம்' என்பதை நீக்கி, கவலை தீரும் செய்தியை முன்னால் கொண்டுவந்தாயிற்று. 'தானாக' என்ற ஒரு சொல், எங்கும் போய் முறையிட வேண்டாம் என்ற ஆறுதலைத் தருகிறது. தடைக்குக் காரணமும் சேர்ந்தது. காரணம் இல்லாத 'முயற்சி செய்யாதீர்கள்' வாத்தியார் அதட்டல். காரணம் சொன்னால் அது எச்சரிக்கை. அந்தக் காரணம் மூலத்தில் இல்லாததால் அனுப்பும் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும்.

குரலை மாற்றலாம் என்பதால் எல்லாவற்றையும் மாற்றலாம் என்று ஆகாது. தொகை, நாள் கணக்கு, 'எடுத்திருந்தால்' என்ற நிபந்தனை ஆகிய மூன்றும் மூலத்தில் உள்ளபடியே நிற்க வேண்டும். இதமாக இருக்கட்டும் என்று 'பணம் கண்டிப்பாக வந்துவிடும்' என்று எழுதினால், எடுக்கப்படாத பணத்துக்கும் வாக்குக் கொடுத்ததாகிவிடும். நெருக்கம் காட்ட 'அண்ணே' என்று தொடங்கவும் கூடாது. மூட்டையோடு எதிரில் வருபவர் அப்படி அழைக்கலாம். முகம் தெரியாத நிறுவனம் அழைத்தால் மோசடிச் செய்தியோ என்ற சந்தேகம் வரும்.

எழுதியது சரியா என்று அறிய ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டியதில்லை. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டி, "இப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டால் போதும். "அரை மணி நேரம் கழிச்சுப் பாக்குறேன்" என்றால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "பற்றுல எழுதிக்கவா?" என்றால் திருத்தி எழுத வேண்டும்.