எந்த நூற்றுக்கு நாற்பது?

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு கேள்வியை விடாமல் கேட்பார். யாராவது "பூர் சான்" என்று சொல்லி நிறுத்தினால் போதும், "எதில் நூற்றுக்கு?" என்று பிரம்பால் மேசையைத் தட்டுவார். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியபோதும் அந்தத் தட்டல் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இப்போது ரயில் டிக்கெட்டைப் பார்த்தாலும் கேட்கிறது.

ரஞ்சன்குடியில் கோட்டை உண்டு, நெடுஞ்சாலை உண்டு, ரயில் கிடையாது. பெரம்பலூரிலும் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் போகவேண்டும். நானும் வீட்டுக்காரியும் கண் பரிசோதனைக்குச் சென்னை போவது அப்படித்தான். நெடுஞ்சாலையில் பஸ் நிறையப் போகிறது என்பீர்கள். ஐந்தாறு மணி நேரம் கழிப்பறை இல்லாத பஸ்ஸில் எழுபது வயதுக்காரன் உட்கார்ந்து வருவது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மேற்கொண்டு எழுத வேண்டாம்.

2020 மார்ச் 20 வரை ரயிலில் ஆணுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும், பெண்ணுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் சலுகை இருந்தது. இங்கே வாத்தியாரின் கேள்வியைக் கேளுங்கள்: எந்த நூற்றுக்கு? அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். முன்பதிவுக் கட்டணத்திலும் அதிவிரைவுக் கட்டணத்திலும் ஒரு காசு குறையாது.

கணக்கு எளிதாக வரட்டும் என்று, படுக்கை வகுப்பில் அடிப்படைக் கட்டணம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுக்கு 20, அதிவிரைவு வண்டி என்பதற்கு 30. ஆக 250. எனக்கு 200-ல் 40 சதவீதம், அதாவது 80 ரூபாய் குறையும். நான் கொடுப்பது 170. மொத்த டிக்கெட்டில் பார்த்தால் குறைந்தது 32 சதவீதம்தான். வீட்டுக்காரிக்கு 100 ரூபாய் குறைந்து 150. பேருக்குப் பாதி, கையில் வந்தது 40 சதவீதம். தூரம் குறையக் குறைய இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், ஏனென்றால் அந்த ஐம்பது ரூபாய் மாறாது. அந்தக் காலத்திலேயே ரயில்வே சொன்ன அளவுக்குக் கொடுக்கவில்லை என்று முணுமுணுத்தவன் நான். இப்போது அந்த 170-க்கே ஏங்குகிறேன். இருவருக்கும் 320 கொடுத்த இடத்தில் 500. போக வர 360 ரூபாய் கூடுதல்.

சரி, ஏன் நிறுத்தினார்கள்? கொரோனா நேரத்தில் முதியவர்கள் அநாவசியமாகப் பயணம் செய்யக்கூடாது என்பதற்காக. அதில் நியாயம் இருந்தது. நானும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கொரோனா போயிற்று, வண்டிகள் ஓடின, மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் சலுகை இருக்கிறது. நமக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. கேட்டால் பதில் வேறாகிவிட்டது: பயணிகள் எல்லோருக்குமே சராசரியாக 46 சதவீதம் மானியம் தருகிறோமே, போதாதா என்றார்கள்.

மறுபடியும் மேசையைத் தட்டுகிறேன். எதில் 46? பயணியை ஏற்றிச் செல்ல ஆகும் செலவு நூறு ரூபாய் என்றால் 54 தான் வசூலாகிறது என்பது அதன் பொருள். அது இருபத்தைந்து வயது இளைஞனுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. எல்லோருக்கும் போடும் சோற்றைக் காட்டி, "உனக்குத்தான் தனியாகப் போட்டோமே" என்றால் எப்படி? நமக்கிருந்த சலுகை அந்தக் கட்டணத்துக்கும் கீழே தரப்பட்டது. இரண்டு வேறு நூறுகளை ஒரே நூறாகக் காட்டுவது கணக்கில் தப்பு. ஒரு காரணத்துக்குப் போட்ட உத்தரவை, அந்தக் காரணம் போனபின் வேறு காரணத்தைச் சொல்லித் தொடர்ந்தால், எங்கள் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

செலவு அதிகம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்கு வழி முன்பே இருந்தது. வேண்டாம் என்பவர்கள் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்று ரயில்வேயே ஏற்பாடு செய்திருந்தது; பாதியை மட்டும் விடவும் 2017-ல் வசதி வந்தது. முதல் வகுப்பு ஏ.சி.யில் போகிறவருக்குக் கொடுக்க வேண்டாம், சந்தோஷம். நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டதும் படுக்கை வகுப்புக்கும் மூன்றடுக்கு ஏ.சி.க்கும் மட்டும் பரிசீலியுங்கள் என்றுதான். அந்த அளவில்கூட அசையவில்லை.

பக்கத்துக் கர்நாடகத்தில் அரசு பஸ்ஸில் 60 வயதானவருக்கு 25 சதவீதம் குறைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 75 தாண்டினால் அரசு பஸ்ஸில் இலவசம். நம் ஊரில் சென்னை மாநகர பஸ்ஸில் முதியவர்களுக்கு டோக்கன் உண்டு. ஆனால் பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறும் கிழவனுக்கு முழு டிக்கெட்தான். ஆகவே இங்கிருப்பவனுக்கு அந்த ரயில் சலுகை ஒன்றுதான் இருந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் கண் பரிசோதனை. முன்பதிவுப் படிவத்தில் இன்னும் வயதைக் கேட்கிறார்கள், கீழ்ப் படுக்கை ஒதுக்குவதற்காக. எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன்.